பாசுமதிக்கு இலைக்கருகல்: மரபணுவைச் சேர்ப்பதா, திருத்துவதா?

டெல்லியில் உயிரித்தொழில்நுட்பம் மூன்றாமாண்டு படிக்கும் நம் பிள்ளைகள் மூன்று பேர், ஞாயிற்றுக்கிழமை மலை மந்திருக்குப் போய்விட்டு என் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு திட்ட அறிக்கை. அதன் முதல் வரி இப்படி இருந்தது: "பாக்டீரியா இலைக்கருகல் நோயைத் தாங்கும் எக்ஸ்ஏ21 மரபணுவை கிரிஸ்பர் முறையில் பாசுமதியில் சேர்க்கவிருக்கிறோம். இது மரபணுத் திருத்தம் என்பதால் அரசின் கடுமையான அனுமதிகள் தேவையில்லை."

"சார், சரியாக இருக்கிறதா?" என்று கேட்டாள் அதை எழுதிய பெண். ஊர் திருநெல்வேலி.

இரண்டு வாக்கியங்களில் இரண்டு தவறுகள். அவளைக் குறை சொல்லவில்லை; மேடைகளில் பேசுகிறவர்களும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவியை வைத்துப் பயிரை வகைப்படுத்தினால் இந்தக் குழப்பம் தீராது. செடியின் டி.என்.ஏ.வில் கடைசியாக என்ன மாறியிருக்கிறது என்பதை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இலைக்கருகலைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஒரே பயிர், ஒரே நோய். அயல்மரபணுவைச் சேர்த்தும் தடுக்கலாம், இருக்கும் மரபணுவைத் திருத்தியும் தடுக்கலாம்.

முதலில் நோய். சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா இலை விளிம்பில் உள்ள நீர்த்துளைகள் வழியாகவோ, காயம் வழியாகவோ நுழைந்து, நீர் ஏறும் சைலம் குழாய்களில் குடியேறுகிறது. இலையின் ஓரம் அலை அலையாக மஞ்சளாகி, பிறகு வைக்கோல் நிறத்துக்குப் போகிறது. கருகிய இலையை வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால், வெட்டுவாயிலிருந்து பால் போல ஒரு இழை இறங்குவதைப் பார்க்கலாம். வயலில் நின்றபடியே இது வேறு எதுவுமில்லை, பாக்டீரியாதான் என்று சொல்ல அந்த இழை போதும்.

சைலத்தில் ஓடுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். அங்கே பாக்டீரியா எதைத் தின்று பெருகுகிறது? செடியிடமே சர்க்கரை கறக்கிறது. டேல் எஃபெக்டர் எனப்படும் புரதங்களைத் தன் ஊசிக்குழல் வழியாகச் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை உட்கருவுக்குப் போய், ஸ்வீட் என்ற குடும்பத்து மரபணுக்களின் முன்பகுதியான புரமோட்டரில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மரபணுவை முடுக்கிவிடுகின்றன. ஸ்வீட் புரதங்கள் செல்லிலிருந்து சர்க்கரையை வெளியே அனுப்பும் வாயில்கள். திருடன் கள்ளச்சாவி போட்டு அரிசிப் பானையைத் திறப்பது போலத்தான். ஸ்வீட்11, ஸ்வீட்13, ஸ்வீட்14 ஆகிய மூன்று பூட்டுகளுக்கும் வெவ்வேறு சாவிகளை வெவ்வேறு பாக்டீரிய இனங்கள் வைத்திருக்கின்றன.

இப்போது இரண்டு வழிகள் தெரிகின்றன. வீட்டுக்கு ஒரு காவலாளியை வைக்கலாம். அல்லது பூட்டை மாற்றலாம்.

எக்ஸ்ஏ21 அந்தக் காவலாளி. ஒரைசா லாங்கிஸ்டாமினேட்டா என்ற ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது. 1995இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். செல்லின் வெளிச்சவ்வில் நின்று, பாக்டீரியா சுரக்கும் ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு பெப்டைடை அடையாளம் கண்டு, உள்ளே எதிர்ப்பைத் தூண்டும் ஏற்பி அது. பாசுமதியில் இல்லாத ஒரு முழு மரபணு; அதன் புரதமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்டது. செடிக்குள் மரபணுவைச் சுமந்து போகும் டி-டி.என்.ஏ. என்ற துண்டில் இதை ஏற்றி, அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா மூலம், காலஸ் எனப்படும் நெல்லின் உருப்பெறாத செல் திரளுக்குள் செலுத்தினால், அது குரோமோசோமில் எங்கே போய் உட்காரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரு செடியில் அமைதியான இடத்தில் சிக்கி வேலை செய்யாமல் போகலாம். இன்னொன்றில் மூன்று பிரதிகள் நுழைந்து ஒன்றையொன்று அடக்கிவிடலாம். வேறொன்றில் நல்ல மரபணு ஒன்றின் நடுவே விழுந்திருக்கலாம். அதனால் பல தனித்தனி வரிசைகளை உருவாக்கி, ஒற்றைப் பிரதி உள்ளதாகவும், தலைமுறை தோறும் நிலையாக வேலை செய்வதாகவும் ஒன்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த ஒரு நுழைவுக்குத்தான் அனுமதி கேட்கிறோம்.

"அப்படியானால் கிரிஸ்பரால் வெட்டி, அந்த இடத்திலேயே எக்ஸ்ஏ21-ஐ வைத்துவிட்டால்?" என்றான் கூட வந்த பையன்.

வைக்கலாம். இடம் தெரிந்து வைத்ததால் மேற்சொன்ன சீட்டாட்டம் குறையும். ஆனால் முடிவில் செடியில் ஒரு முழு அயல்மரபணு இருக்கிறது. வெட்டிய இடத்தை எந்த அச்சும் கொடுக்காமல் செல்லே ஒட்டிக்கொள்ள விடுவது எஸ்.டி.என்-1. சிறு அச்சு கொடுத்து ஓரிரு எழுத்துகளை நாம் விரும்பியபடி மாற்றுவது எஸ்.டி.என்-2. பெரிய துண்டு ஒன்றையே நுழைப்பது எஸ்.டி.என்-3. 2022 மார்ச் 30 அன்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை, 1989ஆம் ஆண்டு விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து முதல் இரண்டு வகைகளுக்குத்தான் விலக்கு தந்தது, அதுவும் அயல் டி.என்.ஏ. இல்லாத செடிகளுக்கு மட்டும். மூன்றாவது வகை மற்ற மரபணு மாற்றுப் பயிர்களின் வரிசையிலேயே நிற்கும். பிள்ளைகளின் அறிக்கையில் இருந்த திட்டம் அந்த வகைதான்.

இனி பூட்டை மாற்றுவதைப் பார்ப்போம். ஸ்வீட்11 மரபணுவையே உடைத்துவிட்டால் திருடனுக்கு வாயில் இல்லை என்று தோன்றும். தோன்றுவதோடு சரி. அந்த மரபணு மகரந்தம் முதிர்வதற்கும் தேவை. அதை அடக்கிய செடிகளில் மகரந்தம் கெட்டு மணி பிடிக்காமல் போனது. நோய் தாங்கும், கதிர் பதராக நிற்கும் நெல் யாருக்கு வேண்டும்? அதனால் புரதத்தைச் செய்யும் பகுதியை விட்டுவிட்டு, புரமோட்டரில் பாக்டீரியா பிடிக்கும் இருபத்தைந்து எழுத்துகளை மட்டும் கெடுக்க வேண்டும். செடி தன் தேவைக்கு அந்த மரபணுவை முடுக்கும் திறன் அப்படியே இருக்கும்; பாக்டீரியாவின் சாவி மட்டும் நுழையாது.

பி.டி.எச்.எக்ஸ்ஓ1 என்ற டேல் எஃபெக்டர் ஸ்வீட்11-இல் பிடிக்கும் இடம் இது. மேல் வரி நேரிழை, கீழ் வரி அதன் எதிரிழை, இரண்டும் 5' முனையிலிருந்து எழுதப்பட்டவை:

```
5'-TGCATCTCCCCCT|ACTGTACACCAC-3'
5'-GTGGTGTACAGT|AGGGGGAGATGCA-3'
```

கிரிஸ்பரில் வெட்டும் வேலையைச் செய்யும் புரதம் கேஸ்9. அது வெட்டுவதற்கு இலக்கின் பக்கத்தில் NGG என்ற மூன்றெழுத்து வேண்டும். நேரிழையில் இந்த இருபத்தைந்துக்குள் அது இல்லை. எதிரிழையில் வரிசையாக ஐந்து G நிற்பதால் ஒன்றுக்கு நான்காக இருக்கிறது. அவற்றுள் கடைசி மூன்று G-க்களைத் தேர்ந்தால், கேஸ்9 அதற்கு மூன்று எழுத்து முன்னால் வெட்டும். அதாவது கோடு போட்ட இடத்தில், எஃபெக்டர் பிடிக்கும் இருபத்தைந்தெழுத்துப் பெட்டியின் நட்டநடுவில். கேஸ்9-ஐ இலக்குக்கு அழைத்துப் போகும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வின் இருபது எழுத்துகளில் சில பெட்டிக்கு வெளியே போகும். அந்தப் பகுதியை இணையத்திலுள்ள வேறு ரகத்தின் வரிசையிலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் பாசுமதியில் அந்த இடத்தைப் பெருக்கி, வரிசை பார்த்து, பிறகு வடிவமையுங்கள்.

வெட்டிய இடத்தைச் செல் அவசரமாக ஒட்டும்போது ஓர் எழுத்து சேரும், அல்லது சில எழுத்துகள் உதிரும். டேல் எஃபெக்டரின் உடல் மணிமாலை போன்றது. ஒவ்வொரு மணியும் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்தைத் தொட்டுப் பார்க்கிறது. நடுவில் ஓர் எழுத்து நுழைந்தால் அதற்குப் பிந்திய மணிகளெல்லாம் தவறான எழுத்தின் மேல் விழும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஸ்வீட்14-ஐத் தாக்கும் ஏ.வி.ஆர்.எக்ஸ்ஏ7 என்ற எஃபெக்டரில் நீளம் வேறுபட்ட மணி ஒன்று உண்டு. அது தேவைப்பட்டால் மாலையிலிருந்து விலகி நின்றுகொள்ளும். ஆகவே ஓர் எழுத்து குறைந்த பூட்டையும் அந்தச் சாவி திறந்துவிடக்கூடும். திருத்தம் நடந்துவிட்டது என்று வரிசைப் படத்தைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், பாக்டீரியாவை வைத்துச் சோதித்தே தீர வேண்டும் என்பது இதனால்தான்.

ஆய்வகத்தில் இரண்டு வழிகளும் பாதி தூரம் ஒரே சாலையில்தான் போகின்றன. இதைத்தான் மாணவர்கள் பலர் கவனிப்பதில்லை. திருத்தத்துக்கும் விதையிலிருந்து காலஸ் வளர்க்க வேண்டும். கேஸ்9-ஐயும் வழிகாட்டியையும் சுமக்கும் டி-டி.என்.ஏ.வை அக்ரோபாக்டீரியம் கொண்டு செலுத்த வேண்டும்; ஹைக்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியில் தப்பிய காலஸைப் பொறுக்கி, தளிர்விடச் செய்ய வேண்டும். ஜப்பானிய ரகங்களில் இது கைவந்த வேலை. பாசுமதியில் காலஸ் பழுப்பேறி நின்றுவிடும், தளிர் குறைவு, பொறுமை வேண்டும். இப்படி வந்த முதல் தலைமுறைச் செடி, எந்த வழியில் வந்ததானாலும், சட்டத்தின் கண்ணில் மரபணு மாற்றுச் செடிதான். கட்டுப்பாட்டுக் கூடத்தைவிட்டு வெளியே போகக் கூடாது.

பாதை பிரிவது அடுத்த தலைமுறையில். எக்ஸ்ஏ21 வழியில், டி-டி.என்.ஏ. உள்ள பிள்ளைகளைத் தேடுகிறோம். திருத்த வழியில், அது இல்லாத பிள்ளைகளைத் தேடுகிறோம். கருவி தன் வேலையை முடித்துவிட்டது. இனி அது வீட்டில் இருக்கக் கூடாது.

எண்ணிக்கையைப் பார்ப்போம். டி-டி.என்.ஏ. ஒரே இடத்தில் நுழைந்திருந்தால், தன்மகரந்தச் சேர்க்கையில் பிறக்கும் பிள்ளைகளில் நான்கில் ஒன்று அது இல்லாமல் இருக்கும். தாய்ச்செடியில் ஸ்வீட்11-இன் இரு பிரதிகளும் திருத்தப்பட்டிருந்தால் பிள்ளைகள் எல்லாமே திருத்தத்தைப் பெறும். அப்போது பதினொரு பிள்ளைகளைச் சோதித்தால், குறைந்தது ஒன்றாவது கிடைக்க 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு. தாயில் ஒரு பிரதி மட்டுமே திருத்தப்பட்டிருந்தால், திருத்தம் இரட்டையாக வருவதற்கு நான்கில் ஒன்று, டி-டி.என்.ஏ. போவதற்கு நான்கில் ஒன்று; இரண்டும் வெவ்வேறு குரோமோசோமில் இருந்தால் சேர்த்துப் பதினாறில் ஒன்று. அதே உறுதிக்கு 47 பிள்ளைகள் வேண்டும். தட்டில் பத்து விதை முளைக்கவைத்துவிட்டு "கிரிஸ்பர் வேலை செய்யவில்லை" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை நான் உதவிக்குப் போயிருந்த ஆய்வகம் ஒன்றில், ஒரு மாணவர் பன்னிரண்டு செடிகளுக்கும் கேஸ்9 பட்டை வரவில்லை என்று ஜெல் படத்தை மகிழ்ச்சியோடு நீட்டினார். பன்னிரண்டில் பன்னிரண்டும் சுத்தமா? நெல்லின் சொந்த மரபணு ஒன்றுக்கான பட்டை எங்கே என்று கேட்டேன். அதைப் போடவே இல்லை. மறுநாள் போட்டுப் பார்த்தால் அதுவும் வரவில்லை, டி.என்.ஏ. பிரித்ததே கெட்டுப்போயிருந்தது. பட்டை இல்லாமல் இருப்பதைச் சான்றாகக் காட்டும்போது, அதே குழாயில் வந்தே ஆக வேண்டிய வேறொரு பட்டையும் இருக்க வேண்டும். கேஸ்9-க்கு ஒரு ஜோடி பிரைமர் மட்டும் போதாது. ஹைக்ரோமைசின் மரபணுவுக்கும், இடது வலது எல்லைகளுக்கும், டி-டி.என்.ஏ.வுக்கு வெளியே உள்ள பிளாஸ்மிட் முதுகெலும்புக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். அறுந்த துண்டு ஒன்று வேறு குரோமோசோமில் ஒட்டிக்கொண்டிருந்தால்கூட விலக்கு கிடைக்காது.

மறுபக்கம் இன்னொரு சிக்கல். கேஸ்9 உயிரோடு இருக்கும்வரை வெட்டிக்கொண்டே இருக்கும். முதல் தலைமுறையில் ஓர் இலையில் பார்த்த திருத்தம் இன்னோர் இலையில் இல்லாமல் போகலாம், கதிரில் வேறொன்று இருக்கலாம். அதனால் டி-டி.என்.ஏ. போன பிறகு, இரண்டாம் தலைமுறையில் பார்த்த வரிசையைத்தான் நம்புகிறேன். வழிகாட்டிக்கு ஒத்த வேறு இடங்களில் வெட்டு விழுந்ததா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நன்றாகத் தேர்ந்த வழிகாட்டியென்றால், காலஸ் வளர்ப்பே உண்டாக்கும் மாற்றங்களுக்கு முன் அது சிறு தொகைதான்.

கடைசிச் சோதனை கத்தரிக்கோல். பாக்டீரியாக் கரைசலில் முனையை நனைத்து, இலையின் நுனியை ஓரிரு சென்டிமீட்டர் வெட்டிவிடுவார்கள். பதினான்கு நாள் கழித்து, வெட்டுவாயிலிருந்து கருகல் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோல் வைத்து அளப்பார்கள். தாங்காத ரகத்தில் பத்து சென்டிமீட்டரைச் சுலபமாகத் தாண்டும். எக்ஸ்ஏ21 செடியை நாற்றுப் பருவத்தில் வெட்டி ஏமாந்துவிடாதீர்கள். அந்த மரபணுவின் பலம் செடி முதிர முதிரத்தான் முழுமையாகத் தெரியும். பூட்டை மாற்றிய செடிக்கு வேறு பரிசோதனை உண்டு. பி.டி.எச்.எக்ஸ்ஓ1 உள்ள இனத்தைத் தாங்கும் செடியை, ஏ.வி.ஆர்.எக்ஸ்ஏ7 வைத்திருக்கும் இனத்தால் வெட்டினால், ஸ்வீட்14 திறந்து, இலை கருகும். ஒரு பூட்டை மட்டும் மாற்றினால் இவ்வளவுதான். அதனாலேயே 2019இல் ஒரு பன்னாட்டுக் குழு மூன்று ஸ்வீட் புரமோட்டர்களையும் ஒரே நேரத்தில் திருத்திக் காட்டியது. ஒரே கட்டமைப்பில் பல வழிகாட்டிகளை வைக்க முடிவது திருத்த வழியின் உண்மையான பலம். அயல்மரபணு வழியில் ஒவ்வொன்றாக அடுக்குவது பெரிய பாடு.

ஆனால் பாடநூல்கள் அதிகம் பேசாத ஒரு பலவீனமும் அதற்கு உண்டு. எக்ஸ்ஏ21 ஓங்கு பண்பு; ஒரு பிரதி இருந்தாலே காவல் நிற்கும். பூட்டை மாற்றுவது ஒடுங்கு பண்பு; மாற்றாத ஒரு பிரதி இருந்தாலும் திருடன் அதைத் திறந்துகொள்வான். ஒட்டு நெல் தயாரிப்பவர் எக்ஸ்ஏ21-ஐ ஒரு பெற்றோரில் வைத்தால் போதும். திருத்த வழியில் இரு பெற்றோரையும் திருத்த வேண்டும். பாசுமதி தூய ரகமாகவே விளைகிறது. அதனால் நமக்கு இது தடையில்லை.

இவ்வளவும் பேசி முடிக்கும்போது அந்தப் பெண்ணே கேட்டாள்: "சார், பூசாவில் இந்த நோய் தாங்கும் பாசுமதி ஏற்கெனவே விற்கிறார்களே?"

நல்ல கேள்வி, அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். பூசா பாசுமதி 1847, 1885, 1886 மூன்றும் நம் ஊர்க்காரர்கள் பாசுமதி வாங்கும் இதே டெல்லியில், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவானவை. மூன்றிலும் எக்ஸ்ஏ21 இருக்கிறது. கூடவே எக்ஸ்ஏ13-உம் இருக்கிறது. அந்த எக்ஸ்ஏ13 வேறெதுவுமில்லை, ஸ்வீட்11 புரமோட்டரில் இயற்கையே செய்துவைத்த திருத்தம். காவலாளியும் மாற்றிய பூட்டும் ஒரே வீட்டில். வழி மட்டும் மூன்றாவது, டி.என்.ஏ. குறியீடுகளைப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒட்டுச் சேர்க்கை. எக்ஸ்ஏ21-ஐ நெல்லோடு நெல்லாகக் கலப்பினத்தில் கொண்டுவர முடிவதால், அதை டி-டி.என்.ஏ.வில் ஏற்றி ஆண்டுக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஸ்வீட்13, ஸ்வீட்14 பூட்டுகளையும் பாசுமதியின் மணமும் நீளமும் கெடாமல் சேர்த்து மாற்ற வேண்டுமென்றால், அங்கே திருத்தம் முதலிடம் பெறும். ஒட்டுச் சேர்க்கையில் ஒவ்வொரு மரபணுவோடும் பக்கத்து டி.என்.ஏ.வும் ஒட்டிக்கொண்டு வரும், அதைக் களையப் பல தலைமுறை பின்கலப்பு வேண்டும்.

திருத்தம் எங்கே இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு அதே வளாகத்தில் இன்னொரு சான்று இருக்கிறது. 2025 மே 4 அன்று அறிவிக்கப்பட்ட பூசா டி.எஸ்.டி. ரைஸ் 1, எம்.டி.யு.1010 என்ற ரகத்தில் டி.எஸ்.டி. மரபணுவைத் திருத்தி வந்தது. இலைத்துளைகளை மூடவிடாமல் தடுக்கும் புரதம் டி.எஸ்.டி. இந்த ஆய்வில் இரண்டு வழிகாட்டிகளை வைத்து நடுவிலிருந்த 366 எழுத்துகளை வெட்டியெடுத்தார்கள். 366 என்பது மூன்றால் வகுபடும். ஆகவே புரதத்தில் 122 அமினோ அமிலங்கள் குறைந்தனவே தவிர, பிந்தைய வாசிப்புச் சட்டகம் குலையவில்லை. இலைத்துளைகளின் அடர்த்தி குறைந்தது. நாற்றுகள் உப்பைத் தாங்கின. தடையாக இருந்த ஒன்றை எடுத்தார்கள், புதிதாக எதையும் கொண்டுவரவில்லை.

கொண்டுவந்தே ஆக வேண்டிய இடமும் உண்டு. கத்தரிக்காயில் தண்டு மற்றும் காய்த்துளைப்பானுக்கு எதிராக, சாகுபடிக் கத்தரியில் உடைக்கவோ திருத்தவோ நம்பகமான ஒரு மரபணுவை யாரும் காட்டவில்லை. மண் பாக்டீரியாவான பி.டி.யிலிருந்து வந்த கிரை1ஏசி புரதம்தான் புழுவின் குடலைத் துளைக்கிறது. அந்த மரபணுவைத் திருத்தத்தால் வரவழைக்க முடியாது, சேர்க்கத்தான் வேண்டும். அதற்கான விலையையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்: பி.டி. கத்தரிக்கு 2009இல் மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு பரிந்துரைத்தது, 2010 பிப்ரவரியில் அமைச்சகம் நிறுத்திவைத்தது. பக்கத்து வங்கதேசம் 2013இல் அதே பயிரை அனுமதித்தது.

பிள்ளைகள் அறிக்கையைத் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். முதல் வரியை அங்கேயே பேனாவால் அடித்துவிட்டு அந்தப் பெண் எழுதினாள்: "பூசா பாசுமதி 1847-இல் ஸ்வீட்14 புரமோட்டரின் ஏ.வி.ஆர்.எக்ஸ்ஏ7 பிடிக்கும் இடத்தைக் கெடுத்தல். ஓர் எழுத்துக் குறைவு மட்டும் உள்ள வரிசைகள் விலக்கப்படும்." பையன் ஓரத்தில் 47 என்று எழுதி வட்டமிட்டான். முதல் வேலை அந்த இடத்தைத் தங்கள் விதையில் வரிசை பார்ப்பது. அதற்கான பிரைமரை நாளைக்கே ஆர்டர் செய்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.